ஸ்டேட்டஸ் அப்டேட்டில் முடிவு முதல் வரியில்: மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முடிவை முதலில் எழுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு தடவை எழுதிக் காட்டுங்களேன் அண்ணா.

சரி, திருப்பூரில் நான் வேலை பார்த்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் என் மேசைக்கு வந்த அப்டேட்டையே எடுத்துக்கொள்வோம். ஆர்டர் 18,000 ஆண்கள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். வெள்ளை, கிரே மெலாஞ்ச், நேவி என்று மூன்று கலர், கலருக்கு 6,000 பீஸ். சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள் 20, வெள்ளிக்கிழமை. 10-ம் தேதி செவ்வாய் மாலை, அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி முதலாளிக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருந்தார்:

> வணக்கம் சார். நேவி துணி டையிங்கில் இருந்து 7-ம் தேதி வந்தது. 400 கிலோ வீதம் மூன்று லாட். ஜிஎஸ்எம் பார்த்தோம், மூன்றும் 160-க்குப் பக்கத்தில் சரியாக இருக்கிறது. ஷேடு பார்த்ததில் முதல் இரண்டு லாட் ஓகே. மூன்றாவது லாட் அப்ரூவ் ஆன லேப் டிப்பைவிடக் கொஞ்சம் சிவப்படிக்கிறது. டையிங் மாஸ்டரிடம் பேசினோம், முதலில் லைட் பாக்ஸ் வித்தியாசம் என்றார். அப்புறம் அவர்கள் லேபிலேயே பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். ரீ-ப்ராசஸ் செய்து 16-ம் தேதி தருவதாகச் சொல்கிறார். வெள்ளை, கிரே தையல் நன்றாகப் போகிறது. மூன்றாவது லாட்டின் 2,000 பீஸ் மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம். பையரிடம் பேச வேண்டியிருக்கும். தங்கள் ஆலோசனை தேவை.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் முதலாளி அன்று கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். போனில் அவர் கண்ணுக்குப் படுவது வணக்கமும், துணி வந்த தேதியும்தான். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது கடைசி மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. அங்கேயும் எத்தனை நாள் தாமதம், எதற்குச் சம்மதம், எப்போதுக்குள் என்பது இல்லை.

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதியது இது:

> நேவியில் 2,000 பீஸ் 20-ம் தேதி போகாது, 23-ம் தேதிதான் போகும். மீதி 16,000 பீஸ் 20-ம் தேதியே போய்விடும். இரண்டு ஷிப்மென்ட்டாக அனுப்பலாமா என்று பையரிடம் கேட்க உங்கள் சம்மதம் வேண்டும், நாளை புதன் மதியம் 12 மணிக்குள்.
>
> காரணம்: மூன்றாவது லாட் துணி (400 கிலோ) ஷேடு ஃபெயில். ரீ-ப்ராசஸ் முடிந்து 16-ம் தேதி வரும்.
>
> வேறு வழி: 2,000 பீஸை ஏரில் அனுப்பலாம், ஆனால் செலவு நம் தலையில் விழும். பையர் கடல்வழியே ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருப்பதால் முதலில் அதைக் கேட்கலாம் என்பது என் கருத்து.
>
> ரீ-ப்ராசஸுக்குச் சொல்லிவிட்டேன். லேப் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன்.

முதலாளி ஏர்போர்ட்டில் இருந்தே "கேளுங்க" என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினார். அந்தப் பதில் வர எட்டு நிமிடம் ஆனது.

அந்த 23-ம் தேதி எங்கிருந்து வந்தது? தம்பி எழுதியதில் அது இல்லையே.

நல்ல கேள்வி. இதில்தான் விஷயமே இருக்கிறது.

அவரிடம் எண்கள் எல்லாம் இருந்தன. துணி 16-ம் தேதி திங்கட்கிழமை வரும். நிட் துணியை வந்தவுடன் வெட்டக் கூடாது, ஒரு ராத்திரியாவது தளர்வாக விரித்துப் போட வேண்டும். அதனால் 17-ம் தேதி கட்டிங். அந்த லைனில் ஒரு நாளைக்கு 800 பீஸ் தையல், ஆக 2,000 பீஸுக்கு இரண்டரை நாள்: 18, 19, 20 மதியம் வரை. செக்கிங், அயர்னிங், பேக்கிங் 21. மறுநாள் ஞாயிறு. லோடு ஏறுவது 23, திங்கள்.

கணக்கு இவ்வளவுதான், ஆனால் அவர் அதைப் போடவில்லை. "கொஞ்சம் தாமதமாகலாம்" என்று எழுதியதும் கணக்குப் போட்டுவிட்டது போன்ற ஒரு நிம்மதி மனதுக்கு வந்துவிடுகிறது. முதல் வரியில் தேதியை எழுதியே ஆக வேண்டும் என்றபோதுதான் பேனாவை எடுத்தார். நான் பார்த்தவரை "கொஞ்சம்", "சீக்கிரம்", "கிட்டத்தட்ட" என்று வரும் இடங்களில் பெரும்பாலும் போடாத ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முடிவை முன்னால் கொண்டுவரச் சொல்வதை எழுத்து நடை விஷயமாக மட்டும் நினைக்காதீர்கள். யோசித்து முடிக்காமல் அந்த முதல் வரியை எழுத முடியாது.

முதல் இரண்டு வரிக்குள் என்னென்ன வர வேண்டும்?

என்ன ஆகிவிட்டது அல்லது ஆகப்போகிறது, எண்ணோடும் தேதியோடும். படிப்பவர் என்ன செய்ய வேண்டும். எப்போதுக்குள். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

"தங்கள் ஆலோசனை தேவை" என்பது கேட்பது போல இருக்கும், ஆனால் எதையும் கேட்பதில்லை. யோசிக்கும் வேலையை முழுவதும் அவர் பக்கம் தள்ளிவிடுகிறது. "ஆமாம்", "வேண்டாம்" என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கான உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த ஆர்டரை உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் கம்பெனியில் யாரும் கிடையாது.

கெடு சொல்லும்போது அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மேலே மதியம் 12 என்று வைத்தது சும்மா இல்லை. பையர் ஜெர்மனி. குளிர்காலத்தில் அவர்கள் நேரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே காலை எட்டரைக்கு ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியம் 1. அவர்கள் மெயில் பெட்டியைத் திறக்கும்போது நம் மெயில் மேலே இருக்க வேண்டும் என்றால் 12 மணிக்குச் சம்மதம் கிடைக்க வேண்டும். "உடனடியாக" என்று எழுதியிருந்தால் முதலாளிக்கு இது தெரிந்திருக்காது. எல்லா மெயிலிலும் "உடனடி" இருப்பதால் அந்தச் சொல்லை யாரும் மதிப்பதும் இல்லை.

இன்னொன்று. சம்மதம் கேட்கும் முன் எல்.சி.யை எடுத்துப் பாருங்கள். பார்ஷியல் ஷிப்மென்ட்டுக்கு அனுமதி இல்லை என்று அதில் இருந்தால், பையர் வாயால் சரி என்றாலும் எல்.சி.யைத் திருத்தாமல் பேங்கில் டாக்குமெண்ட் சிக்கிக்கொள்ளும். அப்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும். இந்த ஆர்டர் எல்.சி. இல்லாமல் போனது, அதனால் தப்பித்தோம்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தானே அவருக்குப் புரியும்?

வரிசை உங்களுக்குத் தேவை. துணி வந்தது, ஜிஎஸ்எம் பார்த்தோம், ஷேடு பார்த்தோம், மாஸ்டரிடம் சண்டை போட்டோம் என்ற வழியில்தான் நீங்கள் முடிவுக்கு வந்தீர்கள். எழுதும்போதும் மனம் அதே வழியில் நடந்து போகிறது, அதில் தப்பில்லை. அப்படியே எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை, முதலில் வர வேண்டியது அங்கே உட்கார்ந்திருக்கும். அதை வெட்டி மேலே ஒட்டுங்கள். அப்புறம் கீழே இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, இது இல்லாவிட்டால் அவர் முடிவு மாறுமா என்று கேளுங்கள். மாறாது என்றால் எடுத்துவிடலாம். டையிங் மாஸ்டர் முதலில் மறுத்து அப்புறம் ஒத்துக்கொண்டது எடுக்கப்பட்டது இப்படித்தான். கேட்கச் சுவையான கதை, ஆனால் 2,000 பீஸ் என்றைக்குப் போகும் என்பதை அது மாற்றவில்லை. பின்னால் டையிங்குக்கு டெபிட் நோட் போடும்போது அந்தக் கதை தேவைப்படும். அதற்கு உங்கள் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

கெட்ட செய்தியை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் மரியாதையாக இருக்காதே?

இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது, அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். அப்போதிருந்த கம்பெனியில் குழந்தைகள் உடை ஆர்டர் ஒன்றை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்ட் செய்த பேனல்களைத் துவைத்துப் பார்த்ததில் பிரிண்ட் வெடித்திருந்தது. மேனேஜர் கோபக்காரர். அதனால் நல்லது எல்லாவற்றையும் முதலில் அடுக்கினேன்: ட்ரிம்ஸ் வந்துவிட்டது, கார்ட்டன் ஆர்டர் போட்டாயிற்று, பிபி சாம்பிள் அப்ரூவ் ஆகிவிட்டது. ஒன்பதாவது வரியில் "பிரிண்டில் ஒரு சின்ன இஷ்யூ, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதினேன். அவர் நாலு வரி படித்துவிட்டு "குட்" என்று பதில் போட்டார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்தார். இரண்டு நாளில் அந்தப் பேனல்கள் தையலுக்குப் போய்விட்டன. தைத்த 1,100 பீஸைப் பிரித்து மாற்றுப் பேனல் வைத்துத் திரும்பத் தைத்தோம். பிரிப்பதற்கு உட்கார்ந்த அக்காக்கள் ராத்திரி பத்து மணி வரை வேலை பார்த்தார்கள். எழுதியது நான், கண் வலிக்க ஊசியால் தையல் பிரித்தது அவர்கள். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

மரியாதையைத் தொனியில் காட்டுங்கள், வரிசையில் காட்ட வேண்டாம். "சார், நேவியில் 2,000 பீஸ் மூன்று நாள் தள்ளிப்போகிறது" என்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. யார் மீதும் பழி போடாமல், சாக்குச் சொல்லாமல் எண்ணைச் சொன்னால் கோபக்காரர்கூட அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் கேட்பார். கோபம் அதிகம் வருவது, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கண்டுபிடிக்கும்போதுதான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் இப்படித்தானா?

அங்கே இன்னும் கறாராக. போன் பூட்டியிருக்கும்போது திரையில் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அதை "குட் ஈவினிங் சார்" என்பதற்குக் கொடுத்துவிட்டால் மீதிக்கு இடமில்லை. வணக்கத்தைத் தனி மெசேஜாக அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மெயில் என்றால் தலைப்பிலேயே வேலையை முடிக்கலாம். "நேவி ஆர்டர் அப்டேட்" என்பதற்குப் பதில் "நேவி 2,000 பீஸ் 23-க்குத்தான், சம்மதம் தேவை புதன் 12 மணி". வாய்ஸ் நோட் அனுப்பினால் அதற்கு மேலே ஒரு வரி டைப் செய்யுங்கள். இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டில் முடிவு எந்த நொடியில் வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னும் முடிவே தெரியவில்லை. லேப் ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். என்ன எழுதுவது?

எப்போது தெரியும் என்பதே இன்றைய முடிவு. "நேவி 2,000 பீஸ் 20-ம் தேதி போகுமா என்பது நாளை மாலை 4 மணிக்குத் தெரியும். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அவர் நாலு பேருக்குப் போன் செய்வார். சொன்ன மணிக்கு, ரிப்போர்ட் வராவிட்டாலும், ஒரு வரி அனுப்புங்கள்.

எல்லாம் சரியாகப் போனால்?

"18,000 பீஸும் 20-ம் தேதி போகும். உங்களிடமிருந்து எதுவும் தேவையில்லை." அவ்வளவுதான். பக்கத்தை நிரப்ப வேண்டாம்.

என்னிடம் பதினோரு ஆர்டர் இருக்கிறது. வாரா வாரம் ஒரே அப்டேட்டாக அனுப்புகிறேன். அதில் எதை முதலில் வைப்பது?

ஸ்டைல் நம்பர் வரிசையில் வைக்காதீர்கள். அவர் கை வைக்க வேண்டியவை மேலே, அவர் தெரிந்துகொண்டால் போதும் என்பவை அதற்குக் கீழே, மற்றவை ஒரே வரியில்: "மீதி 8 ஆர்டர் தேதிப்படி போகிறது." கீழே டேபிள் வேண்டுமானால் இணைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை அடிப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். மஞ்சள்தான் தொந்தரவு. பச்சை என்று சொல்லவும் மனசு வராது, சிவப்பு என்று சொல்லவும் பயம், அதனால் மஞ்சள். ஒரு ஆர்டர் நாலு வாரம் மஞ்சளாகவே இருந்துவிட்டு ஐந்தாவது வாரம் ஏரில் போகும். மஞ்சள் போட்டால் பக்கத்திலேயே எந்தத் தேதியில் அது பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும் என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அது சிவப்பு.

இது நம் தொழிலில் மட்டும் இருக்கிற பழக்கமா?

இல்லை. அமெரிக்க ராணுவத்தில் கடிதப் போக்குவரத்துக்கென்று ஒரு விதிமுறையே இருக்கிறது, 25-50 என்பது அதன் எண். முக்கியமான விஷயத்தைத் தொடக்கத்திலேயே வை என்று அது சொல்கிறது. அங்கே இதை 'பாட்டம் லைன் அப் ஃப்ரண்ட்' என்பார்கள், சுருக்கமாக ப்ளஃப்.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கொலம்பியா விண்கலத்தின் கதை. 2003 ஜனவரி 16 அன்று அது கிளம்பும்போது எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் நம் கணிப்பில் பாதுகாப்பான இடைவெளி இருக்கிறது என்ற பொருளில் இருந்தது. அதே ஸ்லைடின் அடிவரியில் இருந்தது வேறு: சோதனை செய்த துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதிய துண்டின் கணிப்பு 1,920 கன அங்குலம். அறுநூறு மடங்குக்கும் மேல். அதாவது அந்தச் சோதனைகளை வைத்து இந்த மோதலைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து விமர்சித்தது. உயிருக்கே ஆபத்தான நிலைமையைப் பற்றியது அது என்று மேலதிகாரிக்குப் புரியாமல் போனதில் வியப்பில்லை என்றது.

கவனியுங்கள், அந்த ஸ்லைடிலும் ஒரு முடிவு தலைப்பில்தான் இருந்தது. ஆறுதல் தருகிற முடிவு மேலே போய்விட்டது, படிப்பவரின் தீர்மானத்தை மாற்றக்கூடிய எண் கீழே தங்கிவிட்டது. முதல் வரியில் "16,000 பீஸ் சரியாகப் போகிறது" என்று எழுதியிருந்தாலும் அது உண்மைதான், முடிவுதான். ஆனால் அதைப் படித்து முதலாளி எதையும் செய்யப் போவதில்லை. அதனால்தான் 2,000 முதலில் வந்தது.

எங்கே இப்படி எழுதக் கூடாது?

ஃபேக்டரியில் யாருக்காவது அடிபட்டால் எழுதவே வேண்டாம், போன் செய்யுங்கள்.

பையருக்கு எழுதும்போது இதே வரிசைதான், ஆனால் முதலாளி பார்க்காமல் அனுப்பாதீர்கள். முதல் வரியில் நீங்கள் எழுதும் தேதி கம்பெனி கொடுத்த வாக்காக மாறிவிடும். பையர் தள்ளுபடி கேட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இன்னொரு இடம், ஒருவருடைய சொந்தக் கணிப்பு நமக்குத் தேவைப்படும்போது. மூன்றாவது லாட்டை நம் க்யூசி அக்காவிடம் காட்டும்போது "இது ஃபெயில் என்று நினைக்கிறோம், பாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் அவர் கண்ணுக்கும் சிவப்பு கூடத் தெரியும். துணியையும் லேப் டிப்பையும் மட்டும் கொடுத்து லைட் பாக்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை அவர் சொன்ன பிறகு பேசலாம்.

அனுப்பும் முன் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் இரண்டு வரியை விட்டுவிட்டு மீதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆர்டரைப் பற்றித் தெரியாத பக்கத்து மேசைக்காரரிடம் போனை நீட்டி, "இதில் யார் என்ன செய்யணும், எப்போதுக்குள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் அனுப்பலாம்.

அனுப்பிய பிறகு வரும் பதிலும் சொல்லும். "சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று திரும்பி வந்தால் நீங்கள் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. "எத்தனை பீஸ்?", "எத்தனை நாள்?" என்று வந்தால் எண் கீழே போய்விட்டது. வெறும் "குட்" அல்லது கட்டைவிரல் வந்தால், அதுவும் நீங்கள் சம்மதம் கேட்டிருந்த மெசேஜுக்கு வந்தால், அவர் கடைசி வரை படிக்கவில்லை. அப்போது காத்திருக்காமல் போன் செய்து, சம்மதமா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.